இத்தாலியில் கடவுச்சீட்டு திருடுபோனால்: காவல் நிலையத்தில் தரும் வாக்குமூலத்தை எழுதுவதும் படித்துப் பார்ப்பதும்

விடுமுறைக் காலத்தில் பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து இத்தாலிக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பல. அங்கே கடவுச்சீட்டைப் பறிகொடுத்தவர் முதலில் தேடவேண்டிய இடம் தூதரகம் அன்று, காவல் நிலையம். அங்கு அவர் தரும் வாக்குமூலம் இத்தாலிய மொழியில் ஒன்றிரண்டு பக்கங்களில் அமையும். அதில் உள்ள ஒரு வினைச்சொல்லோ, ஒரு தேதியோ, ஒரு வாக்கியம் விடுபட்டதோ பின்னர் விசா அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேள்வியாகத் திரும்பி வரும். அந்த வாக்குமூலத்தை வரி வரியாக எடுத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தாலியச் சொற்கள் ஒலிப்புக்கு ஏற்பத் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. கீழே ஆராயப்படும் நிகழ்வு பாடத்திற்காக அமைக்கப்பட்ட மாதிரியே. எனினும் அதில் சுட்டப்படும் பிழைகள் இத்தாலிய மொழியை அண்மையில் கற்றவர்கள் உண்மையாகவே செய்யக்கூடியவை.

1. எங்கே, யாரிடம்?

இத்தாலியில் இத்தகைய புகாரை இரண்டு அமைப்புகள் பெறுகின்றன. ஒன்று கராபினியேரி. இது பாதுகாப்பு அமைச்சகத்தைச் சார்ந்த படை; சிற்றூர்களிலும் இதன் நிலையங்கள் உண்டு. மற்றொன்று உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் அரசுக் காவல்துறை. மாகாணத் தலைநகரில் உள்ள இதன் தலைமை அலுவலகத்திற்குக் க்வெஸ்தூரா என்று பெயர். பெரிய இரயில் நிலையங்களில் இரயில்வே காவலரும் உள்ளனர். இவர்களுள் எவரிடமும் புகார் தரலாம்; கட்டணம் கிடையாது. உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் 112 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

ஊர் திரும்பியபின் பிளெய்ன்ஸ்பரோ காவல்துறையிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று எண்ணிப் புறப்பட்டுவிடுதல் தவறு. கடவுச்சீட்டு இல்லாமல் விமானம் ஏற இயலாது என்பது ஒருபுறம். குற்றம் நடந்த இடத்தின் காவலர் நடந்தவுடன் பதிந்த ஆவணத்திற்குரிய மதிப்பு, வேறு நாட்டில் பின்னர் பதிந்த ஒன்றுக்கு வாராது என்பது மறுபுறம்.

புகாரை வாய்மொழியாகவும் சொல்லலாம், எழுதியும் கொடுக்கலாம். வாய்மொழியாகச் சொன்னால் அலுவலர் தட்டச்சு செய்து உங்களிடம் கையொப்பம் வாங்குவார். அந்தப் பதிவுக்கு வெர்பாலே என்று பெயர். எழுதிக் கொடுத்தால் எழுதியவரே கையொப்பமிட வேண்டும். இத்தாலிய மொழி அறியாத பாதிக்கப்பட்டவர் தாம் அறிந்த மொழியில் புகார் தரும் உரிமையைச் சட்டம் வழங்கியுள்ளது. ஆயினும் அவ்வுரிமை மேல்முறையீட்டு வட்டாரத் தலைநகரில் உள்ள அரசு வழக்குத்தொடுநர் அலுவலகத்தைக் குறித்தே சொல்லப்பட்டுள்ளது. தெருமுனைக் காவல் நிலையத்தில் அதை எதிர்பார்க்க இயலாது. ஆகவே ஓரளவு இத்தாலிய மொழி தெரிந்த பயணி, நடந்ததைத் தாளில் எழுதி எடுத்துச் செல்வது பெரிதும் உதவும். அலுவலர் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்வார், அல்லது அதையே இணைத்துக்கொள்வார்.

2. நிகழ்வும் முதல் வரைவும்

நம் மாதிரிப் பயணி பிளெய்ன்ஸ்பரோவில் வசிப்பவர், இந்தியக் குடிமகன், எச்-1பி விசாவில் பணிபுரிபவர். ஜூலை 3 அன்று மனைவியுடன் ரோம் நகரின் ஃபியுமிசினோ விமான நிலையத்தில் இறங்கினார். ஜூலை 6 மாலை, தெர்மினி இரயில் நிலையத்தில் உள்ள ஒரு கடையில் கைப்பேசி சிம் அட்டை வாங்கினார். இத்தாலியில் அதற்கு அடையாள ஆவணம் காட்ட வேண்டும். கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு ஒரு சிறிய துணிப் பையில் இட்டு, அதைத் தோள்பையின் முன்னறையில் வைத்துப் பற்பட்டையை இழுத்து மூடினார். பின்னர் வத்திக்கான் நோக்கிச் செல்லும் 64ஆம் எண் பேருந்தில் ஏறினார். சுற்றுலாப் பயணிகள் நெருக்கியடித்துச் செல்லும் வழித்தடம் அது. பணப்பை களவுக்கும் பேர்போனது. லார்கோ அர்ஜென்தீனா நிறுத்தத்தில் இறங்கியபோது முன்னறை திறந்திருந்தது. துணிப் பையைக் காணவில்லை. குடையும் தண்ணீர்ப் புட்டியும் அப்படியே இருந்தன.

அவர் இத்தாலிய மொழியில் எழுதிய முதல் வரைவின் தமிழ்ப் பொருள் இது:

"நான் 7/6 அன்று 5 மணிக்குப் பேருந்தில் கடவுச்சீட்டைத் திருடினேன். என் அருகில் நின்ற இளைஞன் திருடினான். இந்தியக் கடவுச்சீட்டு, விசாவும் போயிற்று. தயவுசெய்து உதவுங்கள்."

நான்கு வாக்கியங்களில் ஐந்து குறைகள் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

3. முதற்குறை: யார் திருடியது?

இத்தாலிய மொழியில் "ஓ ருபாத்தோ" என்றால் "நான் திருடினேன்" என்று பொருள். நம் பயணி சொல்ல எண்ணியது "என்னிடமிருந்து திருடப்பட்டது" என்பதாகும். அதற்கு "மி எ ஸ்தாத்தோ ருபாத்தோ இல் பஸ்ஸபோர்த்தோ" என்று எழுத வேண்டும். தொடக்கத்தில் வரும் "மி" என்ற சிறு சொல்லே "எனக்கு, என்னிடமிருந்து" என்ற பொருளைத் தருகிறது. தமிழில் "எனக்குத் திருட்டுப் போயிற்று" என்று சொல்வதை நினைவிற்கொண்டால் இவ்வமைப்பு எளிதில் பிடிபடும். அலுவலர் இப்பிழையைக் கண்டு புன்னகையுடன் திருத்திவிடுவார் என்றாலும், திருத்தாமல் பதிந்த தாள் நகைப்புக்குரியதாகவே இருக்கும்.

இதைவிட ஆழமான கேள்வி ஒன்று உண்டு. அது திருட்டுத்தானா, அல்லது தொலைந்துபோனதா? இத்தாலியக் காவல் நிலையத்தில் இவை இரண்டும் வெவ்வேறு ஆவணங்கள். திருட்டுப் புகார் தெனுன்ச்சா தி ஃபுர்த்தோ எனப்படும். தொலைந்ததைத் தெரிவிப்பது தெனுன்ச்சா தி ஸ்மர்ரிமென்த்தோ எனப்படும். முன்னது ஒரு குற்றத்தைக் குறித்தது. பின்னது ஒரு செய்தியைப் பதிவு செய்வது மட்டுமே.

காப்பீட்டுத் தொகை கிடைக்கும் என்று எண்ணித் தொலைந்ததைத் திருடுபோனதாகச் சொல்வோர் உண்டு. இத்தாலியத் தண்டனைச் சட்டத்தின் 367ஆம் பிரிவு, நடவாத குற்றத்தை நடந்ததாக அறிவிப்பதையே ஒரு குற்றமாக்கி, ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. எனவே திருட்டு என்று சொல்வதற்கு ஓர் அடிப்படை வேண்டும். நம் பயணிக்கு அது இருக்கிறது. மூடிய பற்பட்டை திறந்திருந்தது. மற்றப் பொருள்கள் இருக்கத் துணிப் பை மட்டும் மறைந்தது. மாறாக, இரவில் விடுதி அறையில் தேடும்போதுதான் கடவுச்சீட்டு இல்லை என்று தெரிந்தது, எங்கே போயிற்று என்றே தெரியவில்லை என்றால், நேர்மையான சொல் ஸ்மர்ரிமென்த்தோ ஆகும். தூதரகத்தில் புதிய கடவுச்சீட்டு பெறுவதற்கு அதுவும் போதுமான சான்றே.

4. இரண்டாம் குறை: தேதியும் நேரமும்

அமெரிக்காவில் நெடுநாள் வாழ்ந்த பழக்கத்தால் நம் பயணி மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் வைத்து 7/6 என்று எழுதினார். இத்தாலியர் நாளை முன்னே எழுதுவர். எனவே அத்தாளைப் படிப்பவருக்கு அது ஜூன் 7. அவர் இத்தாலியில் இறங்கியது ஜூலை 3 அன்று. அப்படியானால் நாட்டுக்குள் வருவதற்கு ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு முன்பே கடவுச்சீட்டு திருடப்பட்டதாக வாக்குமூலம் கூறும்! திருடுபோன கடவுச்சீட்டில் எப்படி இத்தாலிக்குள் நுழைந்தார் என்ற கேள்விக்கு எளிய விடை இராது.

மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுவதே இதற்குத் தீர்வு. அதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. ஜூன் மாதம் ஜூன்யோ, ஜூலை மாதம் லூல்யோ. அவசரத்தில் ஒன்று மற்றொன்றாகக் காதில் விழும். அலுவலர் தட்டச்சு செய்தபின் இந்த ஒரு சொல்லை விரலால் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுத வேண்டும். மாலை 5 மணி என்பது 17. திருட்டு நடந்த கணம் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆகவே இரண்டு நேரங்களைத் தருவதே முறை: கடவுச்சீட்டைக் கடைசியாகப் பார்த்தது எப்போது, இல்லை என்று உணர்ந்தது எப்போது. "உணர்ந்தேன்" என்பதற்கு ஆண் "மி சோனோ அக்கோர்த்தோ" என்றும், பெண் "மி சோனோ அக்கோர்த்தா" என்றும் எழுதுவர். நம் பயணிக்குக் கடைசியாகப் பார்த்த நேரத்திற்குச் சிம் அட்டைக் கடையின் பற்றுச்சீட்டே சான்றாகிறது. அதில் 16.10 என்று அச்சாகியிருக்கிறது.

5. மூன்றாம் குறை: பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லுதல்

"என் அருகில் நின்ற இளைஞன் திருடினான்" என்ற வாக்கியம் ஊகம். அவர் கண்டது, ஒருவர் நெருங்கி நின்றதை மட்டுமே. வாக்குமூலத்தில் கண்டதைக் கண்டவாறு சொல்லலாம்: நீல நிறச் சட்டை அணிந்த ஒருவர் பேருந்து நிறுத்தங்களுக்கிடையே என்னை ஒட்டி நின்றார், எனக்கு முன்பாகவே இறங்கினார், அவர் எதையும் எடுத்ததை நான் பார்க்கவில்லை. இவ்வாறு எழுதினால் அது காவலருக்கும் பயன்படும், குற்றமற்ற ஒருவரையும் பழிக்காது. யார் செய்தது என்று தெரியாதபோது புகார் "கோன்த்ரோ இன்யோத்தி", அதாவது "அறியப்படாதவர்களுக்கு எதிராக", பதிவாகும். இது குறையன்று, பணப்பை களவுப் புகார்களில் இயல்பாக வருவதே.

6. நான்காம் குறை: பெயரும் எண்களும்

இப்பகுதி தமிழர்களுக்குத் தனியாக வேண்டியது. இத்தாலியப் படிவத்தில் கொன்யோமே என்பது குடும்பப் பெயர், நோமே என்பது சொந்தப் பெயர். நம்மில் பலரது இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக இருக்கும். தந்தையின் பெயர் முதலெழுத்தாகவோ விரிவாகவோ சொந்தப் பெயருடன் சேர்ந்திருக்கும். அமெரிக்க விசாவில் நிலைமை தலைகீழாகும். கடவுச்சீட்டில் ஒரே பெயர்ப்பகுதி இருந்தால் அதைக் குடும்பப் பெயராக்கி, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், பெயர் இல்லை என்பதைக் குறிக்கும் எஃப்.என்.யு. என்ற மூன்றெழுத்தை அச்சிடுவர். இத்தாலிய அலுவலர் வாய்மொழியாகக் கேட்டுப் பெயரைத் தாமாகவே இரண்டாகப் பிரித்தால், மூன்று ஆவணங்களில் மூன்று பெயர்கள் தோன்றும்.

கடவுச்சீட்டின் ஒளிநகலைக் காட்டி, அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். குடும்பப் பெயர் இல்லை என்றால் அச்செய்தியையே வாக்குமூலத்தின் உள்ளே ஒரு வாக்கியமாகச் சேர்க்கக் கேட்கலாம்: "கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் அச்சிடப்படவில்லை, அமெரிக்க விசாவில் பெயர் இவ்வாறு உள்ளது." அந்த ஒரு வரி, பின்னர் இரண்டு ஆவணங்களும் ஒருவருடையனவே என்று மெய்ப்பிக்கும் வேலையை மிச்சப்படுத்தும். பிறந்த ஊரையும் கடவுச்சீட்டில் உள்ளவாறே தர வேண்டும். அதில் மதராஸ் என்றிருந்தால் வாக்குமூலத்தில் சென்னை என்று மாற்றக்கூடாது.

இந்தியக் கடவுச்சீட்டின் எண் ஓர் எழுத்தும் ஏழு இலக்கங்களும் கொண்டது. எழுத்தை வாயால் சொன்னால் மாறிப்போகும். இத்தாலியர் எழுத்துகளை நகரப் பெயர்களால் குறிப்பர்: மிலானோவின் எம், நாப்பொலியின் என், ரோமாவின் ஆர், தொரீனோவின் டி. இவ்வழக்கம் தெரிந்திருந்தால் தொலைபேசியிலும் பயன்படும். நேரில் என்றால் தாளில் எழுதிக் காட்டுவதே பாதுகாப்பு.

கடவுச்சீட்டின் எண்ணுடன், அது வழங்கப்பட்ட இடம், வழங்கிய நாள், முடிவடையும் நாள் ஆகியவற்றையும் தர வேண்டும். அதற்குள் ஒட்டப்பட்டிருந்த ஒவ்வொரு விசாவையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும். அமெரிக்க விசாவில் சிவப்பு நிறத்தில் அச்சாகியிருக்கும் எண், ஷெங்கன் விசாவின் எண் ஆகிய இரண்டும் இடம்பெறுதல் நலம். ஷெங்கன் விசாவும் உடன் போயிற்று என்பதால், இத்தாலியில் தாம் முறைப்படி தங்கியிருப்பதைக் காட்டப் பயணியின் கையில் இந்த வாக்குமூலமும் விசாவின் ஒளிநகலுமே எஞ்சும். ஓ.சி.ஐ. அட்டை, பசுமை அட்டை ஆகியவை திருடுபோயிருந்தால் அவற்றின் எண்களையும் சேர்க்க வேண்டும். பட்டியலில் விடுபட்டதைப் பிறகு திருடுபோனதாகச் சொல்வது கடினம்.

7. ஐந்தாம் குறை: கேட்க வேண்டியதைக் கேளாமை

"தயவுசெய்து உதவுங்கள்" என்பது பணிவான வேண்டுகோள். ஆனால் சட்டத்தின் பார்வையில் அதற்குப் பொருள் இல்லை. இத்தாலியச் சட்டம் தெனுன்ச்சா, க்வெரேலா என இரண்டைப் பிரித்துப் பார்க்கிறது. தெனுன்ச்சா என்பது குற்றம் நடந்ததைத் தெரிவிப்பது. க்வெரேலா என்பது குற்றவாளிமீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று பாதிக்கப்பட்டவர் தம் விருப்பத்தை வெளிப்படையாகச் சொல்வது.

2022 டிசம்பர் 30 முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சீர்திருத்தம் இந்த வேறுபாட்டை முக்கியமாக்கியது. அதன்பின், சில விலக்குகள் தவிர, திருட்டு வழக்கு பாதிக்கப்பட்டவர் க்வெரேலா தந்தால் மட்டுமே முன்செல்லும். கைத்திறனால் பையிலிருந்து எடுக்கும் களவும் இதில் அடங்கும். இதற்குரிய காலம், நிகழ்வை அறிந்த நாளிலிருந்து மூன்று மாதங்கள். பிளெய்ன்ஸ்பரோவுக்குத் திரும்பியபின் இதற்காக மீண்டும் இத்தாலிக்குச் செல்வது யாருக்கும் இயலாது. ஆகவே முதல் நாளே ஒரே தாளில் இரண்டையும் சேர்த்துவிட வேண்டும். அதற்கு ஒரு வாக்கியம் போதும்: "க்யேதோ கே ஸி ப்ரொச்சேதா பெனல்மென்தே", அதாவது "குற்றவியல் நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும் எனக் கோருகிறேன்". அறிவிப்புகளை அனுப்ப வேண்டிய முகவரியையும் கேட்பார்கள். பிளெய்ன்ஸ்பரோ முகவரியை அஞ்சல் குறியீட்டு எண்ணுடன் முழுமையாகத் தாருங்கள்.

க்வெரேலா தராவிட்டால் கடவுச்சீட்டு பெறுவதில் தடை ஏதும் இல்லை. தூதரகத்திற்கு வேண்டியது தெனுன்ச்சா மட்டுமே. எனினும் திருடியவர் பிடிபடும் நாளில், அவரை விசாரிக்க முடியுமா என்பதை இந்த ஒரு வாக்கியமே தீர்மானிக்கக்கூடும்.

8. திருத்திய வாக்குமூலம்

மேற்கூறியவற்றைச் சேர்த்து எழுதினால் வாக்குமூலம் இவ்வாறு அமையும். இத்தாலிய வாக்குமூலங்கள் "இல் சொத்தோஸ்க்ரித்தோ" (பெண்ணாயின் "லா சொத்தோஸ்க்ரித்தா") என்று தொடங்குவது மரபு. "கீழே கையொப்பமிட்டுள்ள நான்" என்பது அதன் பொருள்.

"கீழே கையொப்பமிட்டுள்ள நான், இன்ன பெயருடையவன், இன்ன ஊரில் இன்ன நாளில் பிறந்தவன், இந்தியக் குடிமகன், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் பிளெய்ன்ஸ்பரோவில் இன்ன முகவரியில் வசிப்பவன், பின்வருமாறு தெரிவிக்கிறேன். ஜூலை 6 அன்று 16.10 மணியளவில் தெர்மினி நிலையத்தில் உள்ள ஒரு கடையில் என் கடவுச்சீட்டைக் காட்டினேன். பின்னர் அதைத் துணிப் பையில் இட்டு, தோள்பையின் முன்னறையில் வைத்து மூடினேன். 16.30 மணியளவில் 64ஆம் எண் பேருந்தில் ஏறினேன். ஏறத்தாழ 16.50 மணிக்கு லார்கோ அர்ஜென்தீனாவில் இறங்கியபோது, முன்னறை திறந்திருப்பதையும் துணிப் பை இல்லாததையும் உணர்ந்தேன். பையிலிருந்த வேறு பொருள்கள் எடுக்கப்படவில்லை. பேருந்தில் நீலச் சட்டை அணிந்த ஒருவர் என்னை ஒட்டி நின்றார். அவர் எதையும் எடுத்ததை நான் பார்க்கவில்லை. அறியப்படாதவர்களால் என்னிடமிருந்து திருடப்பட்டவை: இன்ன எண்ணுள்ள இந்தியக் கடவுச்சீட்டு, அதிலிருந்த இன்ன எண்ணுள்ள அமெரிக்க விசா, இன்ன எண்ணுள்ள ஷெங்கன் விசா. இதற்குக் காரணமானவர்கள்மீது குற்றவியல் நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும் எனக் கோருகிறேன்."

இதில் வருத்தமோ கோபமோ விளக்கமோ இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் ஒரு செய்தியைச் சொல்லி நின்றுவிடுகிறது. மொழியறிவு குறைந்தவர் எழுதுவதற்கும் இதுவே எளிது.

அலுவலர் தட்டச்சு செய்த பதிவின் இறுதியில் "லெத்தோ, கொன்ஃபெர்மாத்தோ எ சொத்தோஸ்க்ரித்தோ" என்ற வரி இருக்கும். "படிக்கப்பட்டது, உறுதி செய்யப்பட்டது, கையொப்பமிடப்பட்டது" என்பது அதன் பொருள். அதன்கீழ் கையொப்பமிட்டபின் "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று கூறுதல் கடினம். எனவே கையொப்பத்திற்கு முன் ஐந்து இடங்களை மட்டும் சரிபாருங்கள்: பெயர், தேதி, கடவுச்சீட்டு எண், திருட்டா தொலைவா என்னும் சொல், நடவடிக்கை கோரும் வாக்கியம். பின்னர் முத்திரையும் அலுவலரின் கையொப்பமும் உள்ள கோப்யா ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள். புகார் தந்ததற்கான சான்றைப் பெறுவது உங்கள் உரிமை. முடிந்தால் இரண்டு படிகள் வாங்குங்கள். தூதரகம் ஒன்றை எடுத்துக்கொள்ளக்கூடும்.

9. அதன்பின் யார் எதைச் செய்ய வேண்டும்?

அமெரிக்கக் குடிமக்கள் ரோமில் உள்ள தூதரகத்திலோ மிலான், ஃபுளோரன்ஸ், நேப்பிள்ஸ் நகரங்களில் உள்ள துணைத்தூதரகங்களிலோ நேரில் விண்ணப்பிக்க வேண்டும். இழப்பைத் தெரிவிக்க டி.எஸ். 64 என்ற படிவமும், புதிய கடவுச்சீட்டுக்கு டி.எஸ். 11 என்ற படிவமும் உள்ளன. காவல்துறைப் பதிவு அவர்களுக்குக் கட்டாயம் இல்லை, ஆனால் உதவும். பயணம் நெருங்கிவிட்டால் குறைந்த காலமே செல்லுபடியாகும் அவசரக் கடவுச்சீட்டு தருவர்.

இந்தியக் குடிமக்கள் ரோமில் உள்ள இந்தியத் தூதரகத்தையோ மிலானில் உள்ள துணைத்தூதரகத்தையோ அணுக வேண்டும். அவர்களுக்குக் காவல்துறைப் பதிவு இன்றியமையாதது. இங்கே ஒரு முடிவை நன்கு எண்ணி எடுக்க வேண்டும். விரைவாகக் கிடைக்கும் அவசரச் சான்றிதழ் இந்தியாவுக்குத் திரும்பும் ஒருவழிப் பயணத்துக்கு மட்டுமே செல்லும். அதைக்கொண்டு நியூவர்க் விமானம் ஏற இயலாது. அமெரிக்காவுக்குத் திரும்ப விரும்புவோர்க்குப் புதிய கடவுச்சீட்டும், அதன்மேல் புதிய அமெரிக்க விசாவும் வேண்டும். திருடுபோன விசாவுக்கு மாற்று அமெரிக்காவுக்குள் கிடைக்காது. வெளிநாட்டில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நேரில் விண்ணப்பித்து, இழப்பை விளக்கும் கடிதத்துடன் காவல்துறைப் பதிவின் நகலையும் தர வேண்டும். மேலும் 2025 செப்டம்பர் முதல், குடியேற்றமல்லாத விசா கோருவோர் தம் குடியுரிமை நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோ விண்ணப்பிக்க வேண்டும் என அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவித்துள்ளது. எனவே நம் பயணிக்குப் பெரும்பாலும் வழி சென்னை வழியாகவே அமையும். பணியிடத்திற்கும் குடியேற்ற வழக்கறிஞருக்கும் அன்றே தகவல் சொல்லிவிடுவது அறிவுடைமை.

பசுமை அட்டை உடையவர்கள் அந்த அட்டையையும் பறிகொடுத்திருந்தால், ஐ-131ஏ என்ற படிவத்தின் வழியாக விமானம் ஏறுவதற்கான அனுமதியைத் தூதரகத்தில் பெறலாம்.

10. திருடுபோன எண் எங்கே போகிறது?

புகார் வெறும் தாளாக நின்றுவிடுவதில்லை. திருடுபோன, தொலைந்த பயண ஆவணங்களின் எண்களைச் சேர்த்து வைக்கும் தரவுத்தளம் ஒன்றை இன்டர்போல் 2002இல் தொடங்கியது. கடவுச்சீட்டை வழங்கிய நாடே அதில் எண்ணைச் சேர்க்க இயலும். அதனால்தான் காவலரிடம் சொன்னதோடு நில்லாமல், தூதரகத்திற்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

2014 மார்ச் 8 அன்று மலேசிய விமானம் எம்.எச். 370 மறைந்தபோது, பயணிகள் பட்டியலில் ஓர் இத்தாலியரின் பெயரும் ஓர் ஆஸ்திரியரின் பெயரும் இருந்தன. இருவரும் அவ்விமானத்தில் இல்லை, நலமாக இருந்தனர். இத்தாலியரின் கடவுச்சீட்டு 2013இலும் ஆஸ்திரியரின் கடவுச்சீட்டு 2012இலும் தாய்லாந்தில் திருடப்பட்டிருந்தன. அவற்றைக்கொண்டு வேறு இருவர் பயணம் செய்திருந்தனர். அவ்விரு எண்களும் இன்டர்போல் தரவுத்தளத்தில் இருந்தும் விமானம் ஏறுமுன் எவரும் சரிபார்க்கவில்லை என்று அவ்வமைப்பு அப்போது அறிவித்தது. சரிபார்க்கும் முறை தவறியபோதும், முன்பே பதிவாகியிருந்த திருட்டுச் செய்தி உரிமையாளர்களின் பெயரைக் காத்தது. தம் பெயரில் பயணம் செய்தவர் தாம் அல்லர் என்பதற்கு அவர்கள் புதிதாகச் சான்று தேட வேண்டியிருக்கவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. புகார் பதிந்தபின் அந்தக் கடவுச்சீட்டு கிடைத்தாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. திருடர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு கடவுச்சீட்டைக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிடுவதும், யாரோ எடுத்து விடுதியில் ஒப்படைப்பதும் உண்டு. அதன் எண் இரத்தாகியிருக்கும். அதைக் காட்டினால் எல்லையிலேயே நிறுத்தப்படுவீர்கள். கிடைத்ததைத் தூதரகத்தில் ஒப்படைப்பதே முறை. ஆகவே தூதரகத்திற்குத் தெரிவிக்குமுன் விடுதி அறையையும் பெட்டிகளையும் ஒருமுறை முழுமையாகத் தேடிவிடுங்கள்.

11. புறப்படுமுன்

இவ்வாக்குமூலத்தை எழுதத் தேவையான அனைத்தும் கடவுச்சீட்டுக்குள்தான் இருக்கின்றன, திருடுபோவதும் அதுவே. ஆகவே புறப்படும் முன்னாள், புகைப்படப் பக்கம், இந்தியக் கடவுச்சீட்டாயின் முகவரி உள்ள கடைசிப் பக்கம், ஒவ்வொரு விசாப் பக்கம், ஐ-797 ஒப்புதல் அறிவிப்பு ஆகியவற்றின் நகலெடுத்து, ஒரு படியைக் கடவுச்சீட்டு இல்லாத பையிலும், ஒரு படியை ஊரில் உள்ள உறவினர் ஒருவரிடமும் வையுங்கள். கணவன் கடவுச்சீட்டின் நகல் மனைவியின் பையிலும், மனைவியுடையது கணவன் பையிலும் இருப்பது எளிய ஏற்பாடு. நம் மாதிரிப் பயணி பெயரையும் எண்களையும் பிழையின்றித் தர முடிந்தது, அவர் மனைவியின் பையில் அந்த ஒளிநகல் இருந்ததால்தான்.

(இக்கட்டுரை பொதுத் தகவலுக்கானது. தனிப்பட்ட விசா நிலை குறித்து வழக்கறிஞரின் ஆலோசனையையும், படிவங்கள் குறித்து உரிய தூதரகத்தின் அன்றைய அறிவிப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம்.)